சதுரத்தை வெட்டுவதா, நீட்டுவதா, புதிதாக உருவாக்குவதா?

ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு விளம்பரப் படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சதுரப் பதிவுக்கு 1080 × 1080, ஸ்டோரிக்கு 1080 × 1920, பேனருக்கு 1200 × 628. விகிதமாகச் சொன்னால் 1:1, 9:16, 1.91:1. ஏஐ கருவியில் இந்த மூன்றையும் பெற மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே சதுரப் படத்தை உருவாக்கி வெட்டிக்கொள்ளலாம், ஒவ்வொரு விகிதத்துக்கும் தனித்தனியாக உருவாக்கலாம், அல்லது சதுரத்தை வைத்துக்கொண்டு அதன் ஓரங்களுக்கு வெளியே புதிய பகுதியை ஏஐயால் வரையவைத்து நீட்டலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் போல 1024 × 1024 அளவை மையமாக வைத்துப் பயிற்சி பெற்ற மாடலை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

வெட்டுவது எளிது. ஆனால் 1024 சதுரத்திலிருந்து 9:16 வெட்டினால் 576 பிக்சல் அகலம்தான் மிஞ்சும். பேனருக்கு வெட்டினால் 536 பிக்சல் உயரம். இரண்டுக்கும் பொதுவாகத் தப்பிப் பிழைக்கும் நடுப்பகுதி மொத்தப் பரப்பில் 30 சதவீதம்கூட இல்லை. பாட்டிலை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடக்கினால், சதுரப் பதிவில் அது எங்கோ தூரத்தில் நிற்பது போலத் தெரியும். போதாததற்கு, ஸ்டோரிக்காக அந்த 576 பிக்சலை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். நான் இந்த வழியை ஒதுக்கிவிடுவேன்.

தனித்தனியாக உருவாக்கினால் ஒவ்வொரு படமும் தன் சட்டத்துக்கு ஏற்ற அமைப்போடு வரும். சிக்கல் பாட்டிலில்தான். மூடி ஒன்றில் உருண்டையாகவும் இன்னொன்றில் தட்டையாகவும் இருக்கும். படம் எந்த இரைச்சலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சீடு எண்ணை மாற்றாமல் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. படத்தின் அளவு மாறும்போது மாடல் தொடங்கும் தாறுமாறான இரைச்சல் புள்ளிகளின் அமைப்பே வேறாகிவிடும், அதனால் அதே எண் வேறு படத்தைத்தான் தரும். நெட்டையான சட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. காலி உயரத்தை நிரப்ப மாடல் பாட்டிலின் கழுத்தை இழுத்துவிடும், சில நேரம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாட்டிலை வைத்துவிடும். கழுத்து நீண்டதைக் கண்ணால் பிடிப்பது கடினம். பாட்டிலின் உயரத்தை அகலத்தால் வகுத்து, உண்மையான பொருளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டோரிக்கு நீட்டுவதுதான் சரி என்று எனக்கு உறுதியாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 1024 சதுரத்தை மேலும் கீழும் 400 பிக்சல் நீட்டினால் 1024 × 1824 கிடைக்கும். லேசாகப் பெரிதாக்கி, உயரத்தில் நான்கு பிக்சலைச் சீவினால் 1080 × 1920 ஆகிவிடும். ஸ்டோரி விளம்பரத்தில் மேலே சுமார் 14 சதவீதத்தையும் கீழே சுமார் 20 சதவீதத்தையும் காலியாக விடச் சொல்கிறது மெட்டா. கணக்குப் பெயரும் பொத்தானும் வந்து உட்காரும் இடங்கள் அவை. நம் படத்தில் அது மேலே 255 பிக்சல், கீழே 365 பிக்சல். அதாவது நீட்டிச் சேர்த்த பகுதியில் பெரும்பங்கு எப்படியும் எழுத்தும் பொத்தானும் வரும் இடம்தான். நம்பிக்கை குறைந்த பிக்சல்கள் முக்கியம் குறைந்த இடத்தில் விழுகின்றன. பாட்டிலை யாரும் தொடவில்லை, அது சதுரப் பதிவில் இருந்தபடியே இருக்கிறது.

நீட்டல் சொதப்புவது பின்னணியில் நேர்கோடுகள் இருக்கும்போது. அலமாரி, ஓடு பதித்த சுவர், சன்னல் சட்டம் ஆகியவை ஒட்டும் இடத்தில் ஒடிந்து தெரியும். வெறும் சுவர், மங்கலான இலைகள், ஒற்றை நிற மேசை என்றால் கவலையில்லை. படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒட்டு இருந்தால் வெளிச்சம் ஒரு பட்டை போல மாறுவது அப்போது தெரிந்துவிடும்.

பேனரில் என் முடிவு மாறுகிறது. அங்கே பாட்டில் ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமும் இருக்க வேண்டும். சதுரத்தை ஒரே பக்கமாக நீட்டினால் 932 பிக்சல் புதிதாக வேண்டும், கிட்டத்தட்ட இன்னொரு முழுப் படம். அதற்குப் பதில் 1344 × 704 அளவில் பின்னணியை மட்டும் உருவாக்குவேன். அந்த அளவின் விகிதம் 1.91, அப்படியே சுருக்கினால் 1200 × 628. பிறகு சதுரப் படத்திலிருந்து பாட்டிலைப் பிரித்தெடுத்து, 450 பிக்சல் உயரத்தில் வலப்பக்கம் வைக்கலாம். இங்கே பாட்டில் சிறிதாகத்தான் ஆகிறது என்பதால் தெளிவு கெடாது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் இரண்டு பிராம்ப்டிலும் ஒரே மாதிரி எழுதிவிடுங்கள், அப்புறம் நிழலைக் கையால் சேர்த்தால் போதும். விற்பனைக்கு உள்ள பொருள் என்றால், பிரித்தெடுக்கும் பாட்டில் உண்மையான புகைப்படத்திலிருந்தே வருவது இன்னும் நல்லது.

728 × 90 போன்ற ஒல்லிப் பேனரை உருவாக்கவே முயல வேண்டாம். எட்டு மடங்கு அகலம் உள்ள சட்டத்தில் மாடல் பாட்டிலை வரிசையாக நிறுத்திவிடும். ஒற்றை நிறப் பட்டையில், பிரித்தெடுத்த பாட்டிலின் மேல்பாதியை மட்டும் பெரிதாக வையுங்கள்.