நேர்முகப் படத்திலிருந்து முக்கால் முகம்: முப்பரிமாண மாதிரியா, செயற்கை நுண்ணறிவா?

அடையாள அட்டைக்கு எடுத்த நேர்முகப் படம் மட்டுமே எஞ்சியுள்ள அப்பாயியை சற்றே பக்கவாட்டில் திரும்பிய முக்கால் முகமாக வரவேற்பறையில் மாட்ட விரும்பும் ஹற்றன் குடும்பத்தாருக்கு இரண்டு வழிகள் உள்ளன: கணினியில் முப்பரிமாண முக மாதிரியைப் படத்துக்குப் பொருத்தித் திருப்புவது, அல்லது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புதுப் படம் உருவாக்குவது.

மூக்கின் நீட்டம்: நேர்படத்தில் நிழலைத் தவிர இதற்குச் சான்றில்லை என்பதால், இரண்டு வழிகளும் ஊகிக்கவே செய்கின்றன.
முப்பரிமாண மாதிரி சராசரி முகத்தை நோக்கிச் சாய்கிறது. 2009இல் வெளியான பாசல் என்னும் இத்தகைய மாதிரி, பெரும்பாலும் ஐரோப்பியரான 200 பேரின் முகங்களிலிருந்து உருவானதால், நம் அப்பாயியின் மூக்கு அந்நியமாகலாம்.
செயற்கை நுண்ணறிவோ ஒவ்வொரு முறையும் வேறொரு மூக்கைத் தருகிறது. ஐந்து முறை உருவாக்கிப் பார்த்தால், மாறும் பகுதிகள் ஊகமென்று தெரியும்.

மறைந்த காது, கன்னம்: மாதிரியில் தோல் இழுபட்டு மங்குகிறது, செயற்கை நுண்ணறிவுப் படத்தில் தெளிவாக, ஆனால் கற்பனையாக அமைகிறது.

சாயல் முக்கியமெனில் மாதிரியைக் கொண்டு முகத்தைச் சிறிதளவே திருப்புவது நல்லது. சுவர்ப்படத்துக்குச் செயற்கை நுண்ணறிவு பொருந்தும். ஆனால் அவரை நேரில் கண்ட மூத்தவரே படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.