கைத்தையல் ஹெம்மிங் என்று கூலி கொடுக்கிறீர்களா? மடிப்பைத் திருப்பிப் பாருங்கள்

கருநீல கிரேப் ஸ்கர்ட் ஒன்றின் கீழ் ஓரத்தைத் தையல்கடையில் கொடுத்தேன். "வெளியே தையல் தெரியக் கூடாது, கையாலேயே பிளைண்ட் ஹெம் போடுங்க" என்று தெளிவாகச் சொன்னேன். மெஷின் ஹெம்மிங்கைப் போல மூன்று மடங்கு கூலி கேட்டார். சரி, கைவேலைதானே என்று கொடுத்தேன். "பத்து நிமிஷம் உட்காருங்க, முடிச்சுடறேன்" என்றார்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓரத்தின் சுற்றளவு 2 மீட்டர். சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றாலும் 200 தையல். ஊசியில் நூல் கோக்கும் நேரத்தையும் சேர்த்தால் பத்து நிமிடத்தில் எப்படி முடியும்?

மூன்றாம் முறை உடுத்தியபோது செருப்பு வார் உள்ளே மாட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. அப்போதுதான் உள்பக்கத்தைப் பார்த்தேன். இரட்டை நூலில், மடிப்பின் விளிம்பைச் சுற்றிச் சாய்வாக ஓடும் விப் ஸ்டிச். அதையும் இறுக்கி இழுத்திருந்தார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள்.

விப் ஸ்டிச்சைக் குறை சொல்லவில்லை. இரண்டு விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்க அது நல்ல தையல்தான். ஆனால் பாவாடை ஓரத்தில் நூல் விளிம்புக்கு மேலேயே கிடப்பதால் கால்விரலோ செருப்போ எளிதில் மாட்டும். பிளைண்ட் ஹெம்மில் மடிப்பின் விளிம்பை அரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் பிடித்து, அதற்குள்ளே தைப்பார்கள். நூல் இரண்டு துணிகளுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். ஒற்றை நூல்தான். வெளித்துணியில் ஊசி ஒன்றிரண்டு இழையை மட்டும் கவ்வ வேண்டும், நூலைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். இழுத்துவிட்டால் குழி விழும். ஒரு சாணுக்கு ஒருமுறை மடிப்புத் துணியில் மட்டும் ஊசியை ஒருமுறை பின்னுக்குக் கொண்டுவந்து குத்தி ஒரு பேக் ஸ்டிச் போட்டு வைத்தால், எங்காவது நூல் அறுந்தாலும் பிரிவது அங்கேயே நிற்கும். என் ஸ்கர்ட்டில் அதுவும் இல்லை.

ஆகவே வாங்கும்போது உள்பக்கம் பாருங்கள். விளிம்புக்கு மேல் சாய்ந்த நூல் வரிசையாகத் தெரிந்தால் அது பிளைண்ட் ஹெம் இல்லை. விளிம்பை நகத்தால் லேசாகத் தூக்கினால்தான் நூல் தெரிய வேண்டும். சங்கிலி போலக் கோத்திருந்தால் அது மெஷின் வேலை; முனை விட்டால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும்.

திரும்பப் போய்க் கேட்டேன். "உள்பக்கத்தை யாரும்மா பார்க்கப் போறாங்க?" என்றார். லைனிங்கில், அதாவது உள்துணியில், விட்ட திறப்பையும் அதே விப் ஸ்டிச்சில்தான் மூடியிருந்தார். நூலை மடிப்புக்குள்ளேயே ஓட்டும் ஸ்லிப் ஸ்டிச் போட வேண்டிய இடம் அது.

பணம் திரும்ப வரவில்லை. மொத்தத்தையும் பிரித்து நானே தைத்தேன், இரண்டு சாயங்காலம் ஆனது. நீராவி காட்டித் தேய்த்தும் பழைய குழிகளில் பாதி இன்னும் போகவில்லை.