எச்சரிக்கை: 1:10 டேப்பர் கேட்டால் சின்ன முனையை 34 ஆக்கிக் கொடுக்கிறார்கள்

டேப்பர் வேலையை வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு. ஒரு லேத் பட்டறையில் கொடுத்த வேலை இரண்டு தடவை தப்பாக வந்தது. இரண்டு தடவையும் பட்டறை சொன்ன சமாதானம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ஓட்டை தெரிகிறது.

டிராயிங்கில் இருந்தது மூன்றே விஷயம்: பெரிய முனை விட்டம் 50 மி.மீ., கூம்பின் நீளம் 80 மி.மீ., டேப்பர் 1:10. சின்ன முனை விட்டம் போடவில்லை. இந்த மூன்றிலிருந்தே அது வந்துவிடும் என்பதால் போடவில்லை. முறைப்படி அது தப்பில்லை, ஆனால் அங்கேதான் வினை.

டேப்பர் என்பது விட்டத்தில் ஏற்படும் வித்தியாசத்துக்கும் அச்சு வழி நீளத்துக்கும் உள்ள விகிதம். 10 மி.மீ. போனால் விட்டம் 1 மி.மீ. குறைய வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. மட்டுமே.

```
C = (D - d) / L
d = D - C*L = 50 - 80/10 = 42
tan(α/2) = C/2 = 0.05
α/2 = 2.86°   α = 5.72°
```

முதல் லாட்டில் வந்த பீஸ்களில் சின்ன முனை 42 இல்லை, 34க்குப் பக்கத்தில் நின்றது. கேட்டால், "1:10னு போட்டிருக்கீங்க, 10க்கு 1 இறங்கியிருக்கு, நீங்களே பாருங்க சார்" என்று பதில். ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் உண்மையிலேயே 10க்கு 1 இறங்கியிருக்கிறது. அது சரிவு, டேப்பர் இல்லை. கூம்பில் டேப்பர் 1:10 என்றால் ஒரு பக்கச் சரிவு 1:20. டிராயிங்கில் இரண்டுக்கும் குறியே வேறு: டேப்பருக்கு இருபுறமும் சமமான முக்கோணம், சரிவுக்குச் செங்கோண முக்கோணம்.

டிராயிங்கைத் தப்பாகப் படித்துவிட்டார்கள், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் பீஸோடு வந்த செட்டிங் சீட்டில் காம்பவுண்ட் ஸ்லைடுக்கு 5.72° என்று எழுதியிருந்தது. விகிதத்தை ஒரு பக்கத்துக்கு என்று எடுத்திருந்தால் கோணம் 5.71° வந்திருக்கும், ஏனென்றால் tan மதிப்பு 0.1. 5.72° என்பது 1:10 டேப்பரின் முழுக் கோணம். அதாவது அட்டவணையில் முழுக் கோணத்தைப் பார்த்து, பாதியாக்காமல் அப்படியே ஸ்லைடைத் திருப்பியிருக்கிறார்கள். இந்த இரண்டு தப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் போய் நிற்கும் (34.00, 33.96), அதனால் பீஸை அளந்து யார் எங்கே தவறினார்கள் என்று சொல்ல முடியாது. சீட்டு இல்லாவிட்டால் பழி டிராயிங் மேல் விழுந்திருக்கும். செட்டிங் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

34 ஆனதை மீட்க வழியில்லை. மெட்டல் போனது போனதுதான். எதிர்ப்பக்கம் தவறி, 2.86°ஐ இன்னொரு முறை பாதியாக்கியிருந்தால் சின்ன முனை 46 ஆக நின்றிருக்கும், திரும்பக் கடைந்து சரிசெய்திருக்கலாம்.

இரண்டாவது லாட்டில் வந்தது வேறு வகை. இந்த முறை பாதியாக்கிவிட்டார்கள், ஆனால் ஸ்லைடின் வட்டத்தில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடுதான், அதனால் 3°இல் வைத்துவிட்டார்கள். "0.14 டிகிரியில என்ன சார் வந்துடும்?" வருவது இதுதான்: tan 3° = 0.0524. அதை இரண்டு பக்கத்துக்கும் 80 மி.மீ. நீளத்துக்கும் பெருக்கினால் விட்டம் 8.38 குறைகிறது. சின்ன முனை 41.62. கிட்டத்தட்ட 0.4 மி.மீ. குறைவு.

இதில் ஏமாறுவது சுலபம். ரிங் கேஜைப் போட்டால் பெரிய முனை சரியாக இருப்பதால் கேஜ் நிற்க வேண்டிய இடத்திலேயே நிற்கும். "கேஜ் ஓகே" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சின்ன முனைப் பக்கம் கேஜைப் பிடித்து ஆட்டினால் ஆடும். கூம்பின் நீளவாக்கில் மூன்று மெல்லிய கோடாகப் புளூ தடவி, கேஜைப் போட்டுக் கால் சுற்று திருப்பிக் கழற்றினால், பெரிய முனையில் மட்டும் புளூ கலைந்திருக்கும், மற்ற இடத்தில் தடவியபடியே இருக்கும். முழு நீளத்துக்கும் கலைந்தால்தான் டேப்பர் சரி. இரண்டு முனையிலும் கலைந்து நடுவில் மட்டும் அப்படியே இருந்தால் கோணத்தைக் குறை சொல்லாதீர்கள். டூல் முனை சென்டர் உயரத்தில் இல்லை என்று அர்த்தம். நேர்கோடாக வர வேண்டிய பக்கம் உட்குழிந்து வரும்.

டிகிரிக் கோட்டை நம்பி டேப்பர் கடைவது சுமாரான வேலைக்கு மட்டும்தான். 2.86°ஐ அந்தக் கோட்டில் யாரும் வைக்க முடியாது. சரியான வழி டயல் கேஜ். சக்கில் ஓட்டமில்லாத டெஸ்ட் பாரைப் பிடித்து, பார் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்று கேரேஜை நகர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு டூல் போஸ்டில் டயலைக் கட்டி, முள்முனையைச் சென்டர் உயரத்தில் பாருக்குச் செங்குத்தாகத் தொடவிட்டு, காம்பவுண்டை மட்டும் 50 மி.மீ. ஓட்ட வேண்டும். டயல் 2.497 மி.மீ. மாற வேண்டும். 2.5 இல்லை, ஏனென்றால் ஸ்லைடு ஓடுவது சாய்ந்த வழியில், அதனால் இங்கே sin வருகிறது. கடைந்த ஜாப் மேலேயே டயலை வைத்துக் கேரேஜை 50 மி.மீ. ஓட்டினால் அச்சு வழி நீளம், tan வரும், 2.500 காட்ட வேண்டும். 2.500க்குப் பதில் 5 காட்டினால் கோணம் பாதியாகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். இதைக் கடைசிப் பீஸில் பார்த்து என்ன பயன்? முதல் பீஸில், இன்னும் மெட்டல் மிச்சமிருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

வெர்னியரைக் கூம்பின் நடுவில் வைத்து அளந்து "சரியா இருக்கு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். 1:10இல் தாடை அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலே விட்டம் 0.05 மாறிவிடும்.

டிராயிங்கில் டேப்பருக்குப் பதில் முழுக் கோணம் கொடுத்திருந்தால் இன்னொரு பள்ளம் உண்டு. கோணத்தைப் பாதியாக்கி tan எடுப்பதும், tan எடுத்துப் பாதியாக்குவதும் ஒன்று என்று நினைத்துப் பலர் பழகியிருக்கிறார்கள். 1:10 போன்ற மெல்லிய டேப்பரில் இது மாட்டவே மாட்டாது, 80 மி.மீ.க்கு விட்டத்தில் 0.02தான் வித்தியாசம். அதே பழக்கத்தோடு 60° கூம்புக்குப் போனால் கதை கந்தல். பெரிய முனை 40, சின்ன முனை 10 என்றால் நீளம்:

```
L = (D - d) / (2*tan(α/2)) = 30 / (2*0.5774) = 25.98
```

tan 60°ஐப் பாதியாக்கிப் போட்டால் 17.32 வரும். பாதியாக்கவே மறந்தால் 8.66. எல்லாமே கேட்க நம்பும்படியான எண்கள்தான்.

இனி வேலை கொடுக்கும்போது டிராயிங்கில் சின்ன முனை விட்டத்தை அடைப்புக்குறிக்குள் (42) என்று போட்டுவிடுங்கள். அடைப்புக்குறி இல்லாமல், அதற்கும் டாலரன்ஸ் சேர்த்துப் போடாதீர்கள். விட்டம் இரண்டு, நீளம், டேப்பர் நான்கையும் கட்டிப்போட்டால் ஒன்றோடொன்று மோதும். அப்போது எதைப் பிடித்தேன், எதை விட்டேன் என்று பட்டறை தன் வசதிக்குச் சொல்லிக்கொள்ளும்.