சராசரி விலையா, ஃபிஃபோவா: ஒரே பங்கு, இரண்டு லாபக் கணக்கு

ஒரு பங்கை மூன்று தவணையாக வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதலில் 100 விலையில் 10 பங்கு, அடுத்து 120 விலையில் 30, கடைசியாக 90 விலையில் 60. சராசரி விலை என்ன என்று கேட்டால், பலர் மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்து 103.33 என்பார்கள். அது தப்பு. 10 பங்கும் 60 பங்கும் ஒரே எடை ஆகாது. போட்ட மொத்தப் பணம் 10,000, கையில் இருப்பது 100 பங்கு, ஆகவே சராசரி 100. விரிதாளில் A நெடுவரிசையில் எண்ணிக்கையும் B-யில் விலையும் இருந்தால்:

```
=SUMPRODUCT(A2:A4,B2:B4)/SUM(A2:A4)
```

வாங்கியபோது கட்டிய தரகுக் கட்டணத்தையும் அந்தந்தத் தவணையின் செலவோடு சேர்த்துவிடுங்கள். இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

இப்போது விலை 110. கைக்கு வராத லாபம் 1,000. எந்த முறையில் போட்டாலும் இதுவரை விடை ஒன்றுதான். 40 பங்கை அதே 110-க்கு விற்றதும்தான் வழிகள் பிரிகின்றன.

சராசரி முறையில் விற்ற ஒவ்வொரு பங்கின் அடக்க விலையும் 100. கைக்கு வந்த லாபம் 400, மீதி 60 பங்கில் கைக்கு வராத லாபம் 600. விற்பனையால் சராசரி அசையாது. மறுபடி வாங்கினால்தான் மாறும்.

ஃபிஃபோ முறையில் முதலில் வாங்கியது முதலில் போகும். 100-க்கு வாங்கிய 10, 120-க்கு வாங்கிய 30 என, 4,600 அடக்கமுள்ள பங்குகள் 4,400-க்குப் போகின்றன. கைக்கு வந்தது 200 நஷ்டம்! மீதி 60-ம் 90-க்கு வாங்கியவை, அதனால் கைக்கு வராத லாபம் 1,200.

ஒன்றில் லாபம், ஒன்றில் நஷ்டம் என்று திகைக்க வேண்டாம். இரண்டிலும் கூட்டுத்தொகை அதே 1,000. பணம் மாறவில்லை, அதில் எவ்வளவு இன்று கணக்கில் ஏறுகிறது என்பதுதான் மாறியது. வரி கட்டும்போது அந்த வித்தியாசம் பெரிது. எந்த முறை செல்லும் என்பதை அந்தந்த நாட்டு வரிச் சட்டமே சொல்லும்.

மூன்றாவதாக ஒரு கணக்கும் புழங்குகிறது. விற்று வந்த 4,400-ஐ 10,000-லிருந்து கழித்து, மீதி 5,600-ஐ 60-ஆல் வகுத்து, “என் சராசரி 93.33” என்பார்கள். மீதிப் பங்குகளை எந்த விலைக்கு விற்றால் போட்ட பணம் திரும்பும் என்று அறிய அது உதவும். ஆனால் அது அடக்க விலை அல்ல. அதை வைத்துப் போட்டால் கைக்கு வராத லாபம் 1,000 என்று வரும். அதோடு கைக்கு வந்த 400-ஐயும் கூட்டினால் 1,400, அதே லாபம் இரண்டு முறை ஏறிவிடும்.

சரிபார்க்க: விற்று வந்த 4,400, மீதியின் இன்றைய மதிப்பு 6,600, இரண்டையும் கூட்டி 10,000-ஐக் கழியுங்கள். வரும் தொகையும் இருவகை லாபத்தின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை.

அன்றாடம் பார்க்க எனக்குச் சராசரி முறையே போதும். ஆனாலும் ஒவ்வொரு தவணையின் தேதி, எண்ணிக்கை, விலை மூன்றையும் தனித்தனி வரியாகவே எழுதி வைக்கிறேன். தவணைகளிலிருந்து சராசரியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 100 என்ற சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மூன்று தவணைகளை மீட்க முடியாது.