‘வாங்க’: போனில் சொல்வதா, மெசேஜில் எழுதுவதா?

ஏற்காட்டிலிருக்கும் பெரியம்மாவைச் சேலத்து வீட்டு விசேஷத்துக்கு அழைக்க வேண்டும்.

தொனி
போன்: ‘வா’ இழுபட்டால் ஆசை, வெட்டென நின்றால் கடமை.
மெசேஜ்: இரண்டுக்கும் அதே மூன்றெழுத்து. படிப்பவர் தன் அன்றைய மனநிலையில் வாசித்துக்கொள்வார். செய்யுளில் இதற்கு அளபெடை உண்டு. ‘ஓஒதல்’ என நீட்டத்துக்கே ஓர் எழுத்து கூடும். இன்று ‘வாஅங்க’ என்றால் எழுத்துப்பிழை என்பார்கள்!

பதில்
போன்: அவர் தயங்கினாலே முட்டிவலி நினைவுக்கு வரும், உடனே ‘கார் அனுப்பறேங்க’ எனலாம்.
மெசேஜ்: நீல டிக் மட்டும்தான்.

சேர்வது
போன்: மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேச்சு அறுந்துபோகலாம்.
மெசேஜ்: சிக்னல் வந்ததும் சேரும், தேதியும் மண்டபமும் அழியாமல் இருக்கும்.

எழுதித்தான் ஆகவேண்டுமென்றால், தயக்கத்துக்கான பதிலை முன்கூட்டியே வையுங்கள்: “பெரீம்மா, முட்டிவலி எப்படி இருக்குங்க? ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்குக் கார் வந்துரும். நீங்க வந்தப்புறந்தான் பந்தி.” உறவுமுறை முதலில், பிறகு அவருக்கு மட்டுமே பொருந்தும் வரி. பொதுவாக எல்லோருக்கும் போகும் ‘அனைவரும் வருக’ படம் இந்த இடத்தை நிரப்பாது. கைகூப்பும் பொம்மையும் அப்படித்தான். வணக்கமா, நன்றியா, மன்னிப்பா என்று அதிலேயே குழப்பம்.

பெரியவர்களுக்குப் போனில் அழைப்பு, பிறகு மெசேஜில் விவரம். சம வயதினருக்குப் பத்து நொடிக் குரல்பதிவே போதும்.