ஹோம் நர்ஸ் என்று அனுப்பினார்கள்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் எச்சரிக்கை

அம்மாவுக்கு 74 வயது. பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கோவையில் 12 நாள் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான் பள்ளி ஆசிரியை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவேன். அண்ணன் பொள்ளாச்சியில் இருக்கிறார். உடனே ஆள் வேண்டும் என்ற அவசரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் உள்ள ஒரு ஏஜென்சியிடம் கேட்டோம். அந்த அவசரத்தில் நாங்கள் செய்யாமல் விட்டதையெல்லாம் எழுதுகிறேன். நம் பக்கத்தில் இன்று வீட்டுக்கு வீடு ஹோம் நர்ஸ் தேடுகிறார்கள்.

"ஆதார், போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் முடித்த ஆள், மேடம். நர்ஸிங் படித்தவர்" என்றார் ஏஜென்சிக்காரர். சேவைக் கட்டணம் 6,000, முதல் மாதம் 24,000, ஆக 30,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஆள் பிடிக்கவில்லையென்றால் மாற்று ஆள் தரப்படும், பணம் திருப்பித் தரப்படாது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மாற்று ஆள் வரும் வரை எத்தனை நாள் ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இடுக்கி மாவட்ட முகவரி, வயது 36.

வந்தவர் அமைதியானவர். அம்மாவை "அம்மச்சி" என்று கூப்பிட்டார். முதல் வாரம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் அம்மா பகலிலும் தூங்க ஆரம்பித்தார். மாலையில் நான் வந்து கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொள்வார். மூளையில் அடிபட்ட உடம்பு, அசதி இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிசியோதெரபி செய்ய வரும் பையன்தான் ஒரு நாள் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், பாட்டி போன வாரம் கையைத் தூக்க முயற்சி செய்தார். இந்த வாரம் நான் பேசுவதையே கவனிக்கவில்லை. மாத்திரை ஏதும் மாற்றினீர்களா?"

உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்தேன். இரவில் தூக்கத்துக்கு அரை மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார். பத்து மாத்திரை உள்ள அட்டையை நான்தான் வாங்கி வந்து திறந்து கொடுத்தேன். ஒன்பது இரவுகள் ஆகியிருந்தன. நாலரை மாத்திரை போயிருக்க வேண்டும், ஐந்தரை மீதம் இருக்க வேண்டும். அட்டையில் ஒன்றே ஒன்று இருந்தது. கணக்குப் பார்த்தால் நாளைக்கு ஒரு முழு மாத்திரை. இரவில் பாதி, நான் பள்ளிக்குப் போன பிறகு பகலில் பாதி.

அன்று இரவு நானே அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. வலது குதிகாலில் ஒரு திட்டு. விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் நல்ல தோல் வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பும். அந்தத் திட்டு வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்கும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். கறுத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். தாமாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்தால் நோயாளி வலிக்கிறது என்றுகூட முனகமாட்டார். யாரும் திருப்பமாட்டார்கள். பாதித் தூக்கத்தில் ஊட்டும் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும் என்றும் டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது என் கை நடுங்கியது.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். முதலில் மறுத்தார், பிறகு அழுதார். "இரவு நாலு தடவை எழுந்திருக்கிறேன் சேச்சி, பகலிலும் கண்ணை மூட முடியவில்லை. நான் எப்போது தூங்குவது?" என்றார். ஏஜென்சி தனக்குத் தருவது 15,000தான் என்றும் அப்போதுதான் சொன்னார். நான் கொடுப்பது 24,000. அம்மாவுக்குச் செய்ததை மன்னிக்க என்னால் முடியாது. ஆனால் 24 மணி நேரமும் ஒரே ஆள் என்று ஒப்புக்கொண்டதும், போகப்போகச் சமையலையும் அவர் தலையில் கட்டியதும் நாங்கள்தான். எந்த மனிதராலும் அப்படி மாதக்கணக்கில் விழித்திருக்க முடியாது. ஓய்வு நேரம் எழுதாத ஒப்பந்தத்தில் முதலில் கைவைக்கப்படுவது நோயாளியின் பராமரிப்புதான்.

மறுநாள் விடியற்காலையில் அவர் சொல்லாமல் போய்விட்டார். அதன் பிறகுதான் ஆதாரைச் சோதிக்கும் புத்தி எங்களுக்கு வந்தது. அண்ணன் `myaadhaar.uidai.gov.in` தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார். எண் செல்லுமா என்று பார்க்கும் பகுதியில் பெயர் வராது. வயது வரம்பு, பாலினம், மாநிலம், கைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் வரும். அதுவே போதுமானதாக இருந்தது. பெண், 50-60 வயது, தமிழ்நாடு என்று வந்தது. எங்களிடம் இருந்த நகலிலோ 36 வயது, கேரளம். வேறொருவருடைய எண்ணின் மேல் படத்தையும் முகவரியையும் ஒட்டித் தயாரித்த நகல் அது.

நகலை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை. அட்டையை நேரில் வாங்கி, அதிலுள்ள க்யூஆர் கட்டத்தை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். பெயரும் முகவரியும் படமும் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு திரையில் வரும். அச்சில் எதை மாற்றினாலும் அந்தக் கட்டத்துக்குள் இருப்பதை மாற்ற முடியாது. திரையில் வரும் முகமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றா என்று பார்ப்பதுதான் முக்கியம். ஸ்கேன் ஆகாத அளவுக்கு மங்கிய நகலைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

போலீஸ் சரிபார்ப்பு எல்லைப் பக்கம் இருக்கும் நமக்குத்தான் கூடுதல் சிக்கல். நாம் கேரளத்தில் இருக்கிறோம், ஏஜென்சி தமிழ்நாட்டில், ஆள் மூன்றாவது ஊரில். சரிபார்ப்பு நடக்க வேண்டியது வேலைக்கு வருபவர் வாழ்ந்த முகவரிக்குரிய காவல் நிலையத்தில். நம் ஊரிலோ ஏஜென்சி ஊரிலோ பார்த்துப் பயனில்லை. தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் அந்த மாநிலக் காவல்துறை இணையதளத்தில் வீட்டு வேலையாளுக்கென்றே விண்ணப்பம் இருக்கிறது. கேரளத்துக்காரர் குற்றங்களில் தொடர்பில்லை என்ற சான்றைத் தாமே விண்ணப்பித்து வாங்கலாம். ஏஜென்சி "முடித்துவிட்டோம்" என்றால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நர்ஸிங் படித்தவர் என்றாலும் அப்படித்தான். நர்ஸ் என்றால் மாநில நர்ஸிங் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். ஹோம் நர்ஸ் என்ற பெயரில் வருகிறவர்களில் பலருக்கு அது இருக்காது. இல்லாவிட்டாலும் நல்ல பராமரிப்பாளராக இருக்கலாம். ஆனால் ஊசி போடுவதையும் குழாய் வழியாக உணவு செலுத்துவதையும் அவர் கையில் விடக் கூடாது.

ஏஜென்சிக்காரர் பணத்தைத் தர மறுத்தார். "எங்கள் அலுவலகம் தமிழ்நாட்டில், கேஸ் போடுவதென்றால் இங்கே வாருங்கள்" என்றார். அது பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்டுக்கொண்டு, ரசீதையும் மாத்திரை அட்டையின் படத்தையும் டாக்டர் குறிப்பையும் வைத்துப் பாலக்காட்டில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை இன்னும் வரவில்லை. போலி ஆதார் பற்றிக் காவல் நிலையத்தில் தனிப் புகார் கொடுத்தோம்.

இப்போது வண்ணாமடையிலிருந்து ஓர் அக்கா வருகிறார். ஏஜென்சி இல்லை. அவர் முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளின் எண்ணைக் கேட்டு வாங்கினோம். பேசியபோது "நல்லவரா?" என்று கேட்கவில்லை. அங்கே இருந்த நோயாளிக்கு என்ன நோய், எந்தப் பக்கம் விழுந்திருந்தது, எத்தனை மாதம் இருந்தார், ஏன் நின்றார் என்று கேட்டேன். அதே கேள்விகளை அக்காவிடமும் தனியாகக் கேட்டேன். இரண்டு பதிலும் ஒத்துப்போயின. சொல்லிவைத்த எண்ணாக இருந்தால் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

முதல் ஏழு நாளை நாள் கூலி 800 என்று பேசி, ஏழாம் நாள் இரு தரப்பும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எழுதிக்கொண்டோம். அந்த ஏழு நாளும் நான் விடுப்பு எடுத்தேன். முதல் நாள் உணவு ஊட்டும்போது அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருந்தார். நான் சொல்லவில்லை. பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

ஒப்பந்தம் ஒரு பக்கம்தான். வேலை காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, சமையல் கிடையாது, ஞாயிறு விடுமுறை, சம்பளம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில். இரவை நானும் அண்ணியும் பங்கிட்டுக்கொள்கிறோம். தூக்க மாத்திரை என் அலமாரியில் பூட்டியிருக்கிறது. அன்றன்றைக்கு உரிய பாதியை நானே கொடுக்கிறேன். கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் கட்டியிருக்கிறோம். திருப்பிப் படுக்கவைத்த நேரம், இடதா வலதா, எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுத வேண்டும். அக்கா முதல் நாள் தயங்கினார். "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா டீச்சர்?" என்றார். மாத்திரை அட்டையின் கதையைச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவரே எனக்கு முன்னால் நோட்டை நீட்டுகிறார்.

நேற்று கட்டுப் பிரித்தபோது புண்ணை அளந்தோம். நாணயம் அளவுக்கு இருந்தது இப்போது ஒரு மிளகு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. குதிகால் திட்டை விரலால் அழுத்தினேன், வெளுத்துத் திரும்பியது.