பட்டியா, ஹரித்வாரா, சில்வாசாவா? லோஷன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்த அனுபவம்

பல வருடங்களாக ஒரே பாடி லோஷனைத்தான் வாங்குகிறேன். முகத்துக்கு ஒரு க்ரீம், குளிக்க ஒரு ஷாம்பூ என்று மற்றவையும் பெரிதாக மாறுவதில்லை. கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், திறப்பதற்கு முன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

லேபிளில் பெரிய எழுத்தில் கண்ணில் படும் முகவரி பெரும்பாலும் மும்பையோ, குருகிராமோ, பெங்களூரோவாக இருக்கும். அதற்கு முன்னால் ‘மார்க்கெட்டட் பை’ என்று இருந்தால் அது விற்கும் கம்பெனியின் ஆபீஸ், அவ்வளவுதான். நாம் தேட வேண்டியது ‘மேனுஃபேக்சர்ட் பை’ என்ற வரி. இந்தியாவில் செய்த காஸ்மெடிக் என்றால், அது செய்யப்பட்ட இடத்தின் முழு முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். டப்பா மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் தயாரிப்பாளரின் பெயர், முக்கியத் தயாரிப்பு இடம், பின்கோடு போதும்.

சிக்கல் இதற்கு அடுத்தபடிதான் வருகிறது. பெரிய கம்பெனிகள் ஒரே லோஷனை இரண்டு மூன்று ஊர்களில் செய்கின்றன. ஊருக்கு ஒரு லேபிள் அச்சடிப்பதற்குப் பதிலாக, எல்லா முகவரிகளையும் ஒரே லேபிளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்றிரண்டு எழுத்துகளை வைத்துவிடுகிறார்கள். கீழே பொடி எழுத்தில், ‘தயாரித்த யூனிட்டை அறிய பேட்ச் நம்பரின் முதல் எழுத்துகளைப் பார்க்கவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காவிட்டால் முகவரிப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

என் லோஷன் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று முகவரிகள். BD என்பது இமாசலப் பிரதேசத்தின் சோலன் மாவட்டத்தில் உள்ள பட்டி, பின்கோடு 173205. HW என்பது உத்தராகண்டின் ஹரித்வார், 249403. SL என்பது சில்வாசா, 396230. பாட்டிலின் அடியில் கறுப்பு மையில் இப்படி அடித்திருந்தது:

```
HW4117B
MFG 04/24
```

முதல் இரண்டு எழுத்து HW என்பதால் இது ஹரித்வார் பாட்டில். சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் லேபிளே அதைச் சொல்லிவிட்டது. அடுத்த நான்கு இலக்கங்களுக்கு லேபிளில் விளக்கம் கிடையாது, நாமே யூகிக்க வேண்டும். 4 என்பது 2024-இன் கடைசி இலக்கம், 117 என்பது அந்த வருடத்தின் 117-ஆம் நாள் என்று வைத்துப் பார்த்தேன். 2024 லீப் வருடம். ஜனவரி முதல் மார்ச் வரை 31, 29, 31 சேர்த்து 91 நாள். மீதி 26. ஆக, ஏப்ரல் 26. பக்கத்தில் அடித்திருக்கும் தயாரிப்பு மாதமும் ஏப்ரல்தான். பழைய பாட்டில்களின் அடியை எடுத்த போட்டோக்களோடு ஒப்பிட்டபோதும் ஒவ்வொரு முறையும் மாதம் சரியாக வந்தது, அதனால் இந்த யூகத்தை நம்புகிறேன். கடைசி B ஷிஃப்டாக இருக்கலாம், நிரப்பிய மெஷினாக இருக்கலாம். கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

இந்த முறையை அப்படியே இன்னொரு பிராண்டுக்குப் பொருத்தாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி வழக்கம் உண்டு. சிலர் மாதத்துக்கு எழுத்து வைப்பார்கள், சிலருடையது வெறும் வரிசை எண். என் ஷாம்பூவின் பேட்ச் நம்பரில் இடத்தைக் காட்டும் எழுத்தே கிடையாது. காரணம், அதன் லேபிளில் ஒரே ஒரு முகவரிதான்.

பேட்ச் நம்பரை விட எனக்கு அதிகம் உதவியது லைசென்ஸ் நம்பர். காஸ்மெடிக் தயாரிக்கும் உரிமம் குறிப்பிட்ட கட்டடத்துக்கு, அந்தந்த மாநிலம் கொடுப்பது. அதனால் நம்பரிலேயே பல நேரம் மாநிலத்தின் சாயல் இருக்கும். இமாசலத்து நம்பர்களில் HIM/COS என்று பார்த்திருக்கிறேன், உத்தராகண்டு நம்பர்களில் C/UA. மேலே சொன்ன லோஷனில் HW என்ற முகவரிக்கு நேராக இருந்த நம்பரில் C/UA இருந்தது. முகவரியின் மாநிலம், பின்கோடு, லைசென்ஸ், பேட்ச் எழுத்து, இந்த நான்கும் ஒரே ஊரைக் காட்டினால் எனக்குப் போதும்.

ஒருமுறை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய ஃபேஸ் க்ரீமில் இது இடித்தது. அட்டைப்பெட்டியில் BD என்று தொடங்கும் கோடு. உள்ளே இருந்த டியூபின் மடிப்பு ஓரத்தில் அழுத்தியிருந்த கோடு வேறு. அந்த எழுத்து மை இல்லாமல் வெறும் பள்ளமாக இருந்ததால் நேராகப் பார்த்தால் தெரியவில்லை. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்ததும் SL என்று துலங்கியது. பெட்டியும் டியூபும் ஒரே பேட்ச்சாக இருக்க வேண்டும். இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பி, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது போலியா, வேறு பெட்டியில் போட்டு விற்ற பழைய சரக்கா என்று என்னால் சொல்ல முடியாது. முகத்தில் தடவும் பொருளில் அந்தச் சந்தேகமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இதற்கு நேர்மாறானதையும் சொல்ல வேண்டும். எல்லாம் பொருந்தினாலும் பொருள் அசல் என்று ஆகிவிடாது. பேட்ச் நம்பர் ஒரு பாட்டிலுக்கு உரியது அல்ல, ஒரே நேரத்தில் செய்த ஆயிரக்கணக்கான பாட்டில்களுக்குப் பொதுவானது. போலி செய்பவர் அசல் பாட்டில் ஒன்றைப் பார்த்து அப்படியே அடித்துவிட முடியும். அதேபோல கோடு இல்லை என்பதாலேயே போலி என்றும் சொல்லிவிடக் கூடாது. 10 கிராமோ அதற்குக் குறைவோ உள்ள கெட்டியான பொருளுக்கும், 25 மில்லி வரையிலான திரவத்துக்கும் பேட்ச் நம்பர் கட்டாயமில்லை. கண்மை, லிப்ஸ்டிக் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இறக்குமதிப் பொருளில் அட்டையில் அச்சான ஐரோப்பிய முகவரியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அங்கே இருக்க வேண்டியது பொருளுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் முகவரி. ஃபேக்டரி வேறு நாட்டில் இருக்கலாம். இந்தியாவில் ஒட்டும் ஸ்டிக்கரில் ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’ வரியைத் தேடுங்கள். கூடவே இறக்குமதிப் பதிவு எண்ணும், பதிவு பெற்றவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லாமல் வரும் ‘இம்போர்ட்டட்’ க்ரீமை நான் வாங்குவதில்லை. பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. அந்த எண்ணைக் கம்பெனி எந்த நாட்டின் அமைப்பிடம் வாங்கியது என்பதை மட்டுமே அது காட்டும்.

பட்டி, ஹரித்வார் என்று பார்த்ததும் ‘லோக்கல் சரக்கு’ என்று முகம் சுளிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 2003-இல் மத்திய அரசு இமாசலத்துக்கும் உத்தராகண்டுக்கும் எக்சைஸ் வரிச்சலுகை கொடுத்தது, அதனால்தான் இத்தனை ஃபேக்டரிகள் அங்கே போயின. மற்றபடி ஊரின் பெயருக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. ஹரித்வார் பாட்டிலையும் சில்வாசா பாட்டிலையும் மாறி மாறிப் பயன்படுத்தியும் என் தோலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வாங்கிய அன்றே பாட்டிலின் அடியை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஈரக் கை பட்டுப் பட்டு அந்த மை சில வாரங்களில் அழிந்துவிடும், ஸ்பிரிட் பட்டால் உடனே போய்விடும். அரிப்போ தடிப்போ வந்து கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுதும்போது அவர்கள் முதலில் கேட்பது பேட்ச் நம்பரைத்தான்.